டைல்ஸ் வாசலில் 19 புள்ளி: உங்களுக்கு எப்படி வந்தது?

மூன்றாம்மாடி
அம்மா வீட்டில் சிமெண்ட் வாசல். அம்மா கோலம் போடுவார், நான் வேடிக்கை பார்ப்பேன். இப்போது என் வாசலில் 2 அடிக்கு 2 அடி வழுவழு டைல்ஸ். மார்கழி பிறந்துவிட்டது, சரி, நாமே போட்டுப் பார்ப்போம் என்று இறங்கினேன். எடுத்தது 5 புள்ளி, 3 வரை, இடைப்புள்ளி. நடுவில் ஒரு நட்சத்திரம், அவ்வளவுதான்.

முதல் நாள் கழுவிவிட்டு ஈரத்திலேயே மாவை வைத்தேன். ஒவ்வொரு புள்ளியும் கஞ்சி சிந்தியது போலப் பரவியது. மறுநாள் நன்றாகக் காயவிட்டுப் போட்டேன். எதிர்வீட்டுக் கதவை யாரோ படாரென்று திறக்க, பாதிப் புள்ளி சுவரோரம் ஒதுங்கிவிட்டது. மிச்சமிருந்ததை வைத்து இழுத்த நட்சத்திரமும் நெட்டையாக, பிடித்து இழுத்த மாதிரி வந்தது. டைல்ஸில் போடுகிறவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்களேன்.

தும்பைப்பூ
ஈரம் போதவில்லை, அதுதான் விஷயம். எங்கள் வீட்டில் வாளித் தண்ணீரை அடித்துத் தெளித்து, உடனே போடுவோம். மாவு அப்படியே பிடித்துக்கொள்ளும். 20 வருடமாக இப்படித்தான், ஒரு நாளும் பறந்ததில்லை.

சுப்பு_ஓய்வு
நான் இந்த வம்பே வேண்டாம் என்று ஸ்டிக்கர் கோலம் ஒட்டினேன். ஆறு மாதத்தில் ஓரம் கிளம்பி அழுக்கு ஏறியது. உரித்தால் பசை மட்டும் டைல்ஸில் தங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் ஊறவைத்துத் துடைத்தேன், போனது. யாருக்காவது உதவும்.

வாசல்தெளிப்பவள்
சுப்பு சார், அவர் கேட்டது மாவுக்கோலம். பரவாயில்லை, எண்ணெய் யோசனையைக் குறித்துக்கொண்டேன்.

தும்பைப்பூ சொல்வது மண் வாசலுக்கும் சிமெண்டுக்கும் நூற்றுக்கு நூறு சரி. அங்கே தரை தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், மேலே ஈரப்பசை மட்டும் நிற்கும். வழுவழு டைல்ஸ் உறிஞ்சாது. தண்ணீர் மேலேயே நிற்பதால் மாவு அதில் கரைகிறது. நான் டைல்ஸ் வீட்டுக்கு வந்த முதல் மாதம் முழுக்க இதே கஞ்சிதான். பிறகு பிடிபட்டது: துணியை இறுகப் பிழிந்து ஒரு முறை துடைத்துவிட்டு, தரையின் பளபளப்பு போய் மங்கலாகத் தெரியும்வரை காத்திருக்க வேண்டும். விரலால் தொட்டால் சில்லென்று இருக்கும், ஆனால் விரலில் தண்ணீர் ஒட்டாது. அந்த நிலை கொஞ்ச நேரம்தான் நிற்கும், அதற்குள் புள்ளியை வைத்து முடித்துவிடுங்கள்.

அடுத்தது மாவு. வெறும் கல்மாவு கொரகொரவென்று இருந்தால் டைல்ஸில் பட்டுத் துள்ளும். கோட்டின் இரண்டு பக்கமும் பொடி தெறித்து நிற்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெறும் அரிசி மாவோ விரலிடுக்கில் அடைத்துக்கொள்ளும், ஒழுங்காக விழாது. நான் மூன்று பங்கு கல்மாவுக்கு ஒரு பங்கு அரிசி மாவு சேர்த்துச் சலித்து வைத்திருக்கிறேன். கையைத் தரையிலிருந்து ஒரு விரல் உயரத்துக்கு மேல் தூக்குவதில்லை. மண்தரையில் பாட்டி நின்றபடி குனிந்து, உயரத்திலிருந்து இழுப்பார். அந்த அழகெல்லாம் இங்கே நடக்காது.

இனி நட்சத்திரம். உங்கள் வரிசைகள் 3, 4, 5, 4, 3. மொத்தம் 19 புள்ளி. நீங்கள் புள்ளிக்குப் புள்ளி எவ்வளவு இடம் விட்டீர்களோ, வரிசைக்கு வரிசையும் அதையே விட்டிருப்பீர்கள். நேர்ப்புள்ளிக்கு அது சரி. இடைப்புள்ளியில் மேல் வரிசைப் புள்ளி, கீழே இருக்கும் இரண்டு புள்ளிக்கு நடுவில் உட்காருகிறது. அதனால் வரிசை இடைவெளி கொஞ்சம் குறைந்தால்தான் எல்லாப் புள்ளியும் ஒன்றுக்கொன்று சம தூரத்தில் இருக்கும். பக்கவாட்டில் 8 சென்டிமீட்டர் என்றால் வரிசைக்கு வரிசை 7. என் மகளுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையை 8-க்கு 7 என்று வெட்டிக் கொடுத்தேன். நீளப் பக்கம் புள்ளிக்கு, குட்டைப் பக்கம் வரிசைக்கு. நாலு நாளில் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டாள், கண்ணே அளந்துவிடுகிறது.

5 புள்ளி வரிசையை முதலில் வையுங்கள். அதுவும் அதன் நடுப்புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும். மேலிருந்து தொடங்கினால் கடைசியில் கோலம் ஒரு பக்கம் சாயும்.

கோடு இப்படிப் போகும்: மேலே உள்ள 3-இன் நடுப்புள்ளி, அடுத்த 4-இல் இரண்டாவது, 5-இல் இரண்டாவது, கீழ் 4-இல் முதலாவது. ஒரே நேர்க்கோடு. அங்கிருந்து அந்த 4-ஐ அப்படியே படுக்கையாக இணைத்து, வலப்பக்கம் அதே மாதிரி ஏறி வந்தால் ஒரு முக்கோணம். இன்னொன்றைத் தலைகீழாகப் போட்டால் நட்சத்திரம். மிச்சம் 7 புள்ளி இருக்கும். ஒன்று நடுவில், ஆறு வெளியே, ஒவ்வொரு பள்ளத்துக்கும் நேரே ஒன்று. அந்த ஆறுக்கும் பள்ளத்திலிருந்து ஓர் இதழ் வளையுங்கள். நாலு புள்ளி ஒரே நேர்க்கோட்டில் வரவில்லை என்றால் புள்ளி தப்பு. கோட்டை வளைத்துச் சமாளிக்காதீர்கள், புள்ளியை மாற்றுங்கள்.

மூன்றாம்மாடி
அக்கா, நான் வரிசைக்கும் ஒரே அளவுதான் விட்டேன்! ஸ்கேல் வைத்து அளந்து அளந்து தப்பாகப் போட்டிருக்கிறேன். இன்னொன்று, டைல்ஸ் இணைப்புக் கோட்டை நடுவாக வைத்துக்கொள்ளலாமா? நேராக இருக்குமே.

வாசல்தெளிப்பவள்
பார்த்து நேராக்கிக்கொள்ளலாம், அதன்மேல் போடாதீர்கள். பள்ளத்தில் மாவு இறங்கி அந்த இடம் மட்டும் தடிமனாகத் தெரியும், அப்புறம் பல் துலக்கும் பிரஷ் வைத்துத்தான் எடுக்க வேண்டும். உங்களுடையது 2 அடி டைல்ஸ். கோலம் 32-க்கு 28 சென்டிமீட்டர்தான், இதழோடு சேர்த்தாலும் ஒரே டைல்ஸுக்குள் தாராளமாக அடங்கும். 1 அடி டைல்ஸ்காரர்கள், இணைப்பு இரண்டு வரிசைக்கு நடுவே போகும்படி கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

கைநடுங்கி
எனக்குக் கோடு தடுமாறும். ஈரத்துணியால் அழித்தால் வெள்ளையாகப் படலம் விழுந்து இன்னும் அசிங்கமாகிவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சியைக் காய்ந்தபடியே வைத்து, கோட்டின் ஓரத்தைத் தள்ளிவிடுகிறேன். சீவி விட்ட மாதிரி ஆகிவிடுகிறது. இப்படித் திருத்துவது கோலத்தில் சேர்த்தியா என்று மாமியார் கேட்கிறார்.

தும்பைப்பூ
எங்களுடையது சிமெண்ட் வாசல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல்மாவு சேர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. எறும்புக்குப் போடுவதுதான் கோலம். அரிசியை ஊறவைத்து அரைத்து, துணியில் நனைத்து மோதிர விரல் வழியே இழுங்கள். மாக்கோலம் போடும்போது மங்கலாக இருக்கும், காயக் காயத்தான் வெளுக்கும். எந்தக் காற்றுக்கும் அசையாது.

வாசல்தெளிப்பவள்
விசேஷ நாளில் நானும் அதுதான். தினமும் அரைக்க முடியுமா, சொல்லுங்கள். தவிர, எங்கள் மாடியில் எறும்பு கோலத்தோடு நிற்பதில்லை, நேரே சமையலறைக்கு வருகிறது.

ஒன்று விட்டுப்போனது. மறுநாள் காலையில் முதலில் காய்ந்த துடைப்பத்தால் கூட்டி மாவை அள்ளுங்கள், அப்புறம் துடையுங்கள். நேரடியாகத் தண்ணீர் விட்டால் அத்தனையும் இணைப்பில் போய் உட்காரும். அப்புறம், கதவுக்கு நேரே கால் வைக்கும் வழியை விட்டுப் போடுங்கள். டைல்ஸில் கல்மாவு மேல் செருப்புக் கால் வைத்தால் வழுக்கும். என் மாமனார் ஒரு முறை சுவரைப் பிடித்துத் தப்பித்தார்.

மூன்றாம்மாடி
இன்று காலை போட்டேன். நாலு புள்ளியும் நேராக வந்தது, நட்சத்திரம் நட்சத்திரமாகவே இருக்கிறது! காற்றுக்கும் அவ்வளவாகக் கலையவில்லை. ஒரே குறை, எங்கள் டைல்ஸ் யானைத் தந்த நிறம். நின்று பார்த்தால் கோலமே தெரியவில்லை, உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

கைநடுங்கி
ஓரம் சுற்றி காவி இழுங்கள், எடுப்பாகத் தெரியும்.

வாசல்தெளிப்பவள்
ஐயோ, கரைத்த காவி வேண்டாம். வெளிர் டைல்ஸ் இணைப்பில் சிவப்பு ஏறினால் லேசில் போகாது. வேண்டுமானால் காய்ந்த கலர் பொடியை இதழுக்குள் மட்டும் தூவிப் பாருங்கள், அதையும் முதலில் ஒரு மூலையில்.