மூண்டு மணிக்கு வீடியோ கோலாம், இருக்கிறது ஒபிசில. ரிக்ரூட்டருக்கு என்ன பதில் போடுறது?

கணக்குப்பிள்ளை | 11:58

அவசரம், பிழை இருந்தா மன்னியுங்கோ.

ரவுணுக்குள்ள, ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு கணக்காளர் ஒபிசில வேலை செய்யிறன். ரெண்டு கிழமைக்கு முன்னம் சிங்கப்பூர்க் கொம்பனி ஒண்டின்ர கணக்கு வேலைக்கு விண்ணப்பம் போட்டனான். வீட்டில இருந்தே செய்யிற வேலை. இவ்வளவு நாளும் ஒரு சத்தமும் இல்லை. இப்ப 11:52க்கு அங்கத்தை ரிக்ரூட்டர் லிங்க்ட்இன்ல மெசேஜ் போட்டிருக்கிறார். உங்கட விபரம் பாத்தன், இண்டைக்கு `3 pm`க்கு ஒரு சின்ன வீடியோ கோல் கதைக்கலாமோ எண்டு. அவ்வளவுதான், வேற ஒண்டும் இல்லை.

3 மணிக்கு முதலாளி எனக்கு நேர முன்னால இருப்பார், ஒரே அறை. அரைநாள் லீவு கேட்டா ஏன் எதுக்கெண்டு நூறு கேள்வி வரும். ஏலாது எண்டு போட்டா இந்த வேலை போயிடுமோ எண்டு பயமாயும் இருக்கு. என்னெண்டு எழுதுறது? இன்னும் மூண்டு மணித்தியாலம் இருக்கு, அதுக்குள்ள யாராவது சொல்லுங்கோ.

வேப்பமரம் | 12:01

உடன ஓம் எண்டு போடுங்கோ தங்கச்சி. யோசிச்சுக்கொண்டு இருந்தா அவன் அடுத்த பேருக்குப் போயிடுவான். முதலாளியிட்ட காய்ச்சல் எண்டு சொல்லிப்போட்டு வீட்ட போங்கோ. ஒரு நாள் காய்ச்சலுக்கு யார் மருந்துத் துண்டு கேக்கப் போகினம்?

கடலோரம் | 12:02

எனக்கும் போன கிழமை இதே பிரச்சினை. ரீம்ஸில கமெரா திறந்தா கறுப்பாத்தான் வந்தது. போன் செற்றிங்ஸில அந்த அப்புக்குக் கமெரா அனுமதி குடுக்கேல்ல எண்டு பிறகுதான் கண்டுபிடிச்சன். அதைப் பாருங்கோ, சரி வரும்.

கொக்குவிலான் | 12:04

பிள்ளை, முதல்ல மணிக்கூட்டைப் பாருங்கோ. அவர் எழுதின 3 மணி ஆற்ற 3 மணி? ஆள் இருக்கிறது சிங்கப்பூரில எண்டா அது அவற்ற 3 மணியாத்தான் இருக்கும். சிங்கப்பூர் எங்களுக்கு ரெண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. அங்க 3 எண்டா இங்க 12:30. உங்களுக்கு மூண்டு மணித்தியாலம் இல்லை, 26 நிமிசம்தான் இருக்கு.

விளக்கம் பிறகு. இப்ப இதை அனுப்புங்கோ. இங்கிலீசில ஐஞ்சே வரி, பொருளை இங்க தமிழில எழுதுறன்:

"மெசேஜுக்கு நன்றி, இந்த வேலையில எனக்கு விருப்பம் இருக்கு. நான் இப்ப வேலைத்தலத்தில நிக்கிறன், வீடியோவுக்கு வசதியில்லை. சிங்கப்பூர் நேரம் 3 மணிக்கு 15 நிமிசம் குரல் அழைப்பில கதைக்கலாம். வீடியோதான் வேணுமெண்டா நாளைக்குச் சிங்கப்பூர் நேரம் காலை 9:30 அல்லது 10 மணிக்கு வரலாம். கோலில நீங்கள் மட்டுமோ, கொம்பனி ஆக்களும் இருக்கினமோ?"

வீடியோவுக்கு ஏலாததுக்கு மன்னிப்பு எல்லாம் கேக்கவேண்டாம். "வேலையில நிக்கிறன்" எண்டது போதும். காய்ச்சல் கதையும் வேண்டாம், முதலாளிக்கும் வேண்டாம், அவருக்கும் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை | 12:07

ஐயோ அண்ணை, அந்த நேரக் கணக்கு எனக்கு ஓடவே இல்லை!! இப்ப அனுப்பிட்டன்.

பனையடி | 12:10

கொஞ்சம் நில்லுங்கோ. இப்பிடித் திடீரெண்டு கூப்பிடுறவங்கள் கனபேர் ஏமாத்துக்காரர். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவை எங்கட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில பதிஞ்சிருக்கவேணும். அந்த அனுமதி இலக்கத்தைக் கேக்காமல் கதைக்கவே கூடாது.

கொக்குவிலான் | 12:21

பனையடி, சந்தேகப்படுறது சரி, ஆனா கேக்கிற இடம் பிழை. பணியக அனுமதி இங்கயிருந்து ஆக்களை வெளிநாட்டுக்கு அனுப்புற முகவருக்கு. இந்தப் பிள்ளை நல்லூரிலயோ எங்கயோ தன்ர வீட்டில இருந்து செய்யப்போற வேலை இது.

இங்க பாக்கவேண்டியது வேற ஒண்டு. ஆள் சிங்கப்பூர் முகவர் நிறுவனத்துக்காரர் எண்டா, அந்த நிறுவனத்துக்கு அந்த நாட்டு மனிதவள அமைச்சின்ர அனுமதி இருக்கவேணும். அவருக்கும் `R` எழுத்தில தொடங்கிற ஒரு பதிவிலக்கம் இருக்கும். மின்னஞ்சலுக்குக் கீழயோ லிங்க்ட்இன் பக்கத்திலயோ போட்டிருப்பினம். அமைச்சின்ர இணையத்தளத்தில `EA Directory` எண்டு இருக்கு, அதில இலக்கத்தைப் போட்டா பேர் வரும். பேர் பொருந்தேல்லை எண்டா கதை முடிஞ்சுது. ஆனா கொம்பனியின்ர சொந்த ஆளா இருந்தா இந்த இலக்கம் இருக்காது. அப்ப மின்னஞ்சல் கொம்பனியின்ர பேரில இருந்து வருதோ, வேலை விளம்பரம் கொம்பனியின்ர சொந்தப் பக்கத்திலயும் கிடக்கோ எண்டு பாக்கவேண்டியதுதான்.

குறுகிய நேரத்தில கூப்பிடுறது மட்டும் ஏமாத்துக்கு அடையாளம் இல்லை. நான் கொழும்பில ஒன்பது வருசம் இதே வேலைதான் பாத்தனான். பின்னேரம் 5 மணிக்குக் கொம்பனிக்கு நாலு பேற்ற பட்டியல் குடுக்கவேணும், மத்தியானம் ஒராள் எனக்கு வேற வேலை கிடைச்சிட்டுது எண்டு விலகிவிடும். அப்ப பழைய விண்ணப்பங்களுக்குள்ள கை விட்டு, கிடைக்கிற ஆளைக் கூப்பிடுவம். ரெண்டு கிழமை சத்தமில்லாமல் இருந்து சடாரெண்டு வாற மெசேஜ் கனக்க இப்பிடித்தான். அந்த நேரம் எனக்குத் தேவைப்பட்டது ஆளின்ர முகம் இல்லை. ஆள் உண்மையாவே இருக்கோ, இன்னும் விருப்பமோ, எப்ப சேரலாம், எவ்வளவு கேக்குது, இவ்வளவும் தெரிஞ்சாப் பட்டியலில பேரைப் போடலாம். அது குரலிலயே முடியும்.

அதாலதான் ஆர் ஆர் கோலில இருப்பினம் எண்டு கேக்கச் சொன்னனான். ரிக்ரூட்டர் மட்டும் எண்டா குரலுக்கு ஓம் எண்டுவார். கொம்பனி மனேஜரும் வாறார் எண்டா அது நேர்முகம். அதை ஒபிஸ் படிக்கட்டில நிண்டு செய்யக்கூடாது, நாளைக்குத் தள்ளத்தான் வேணும்.

வேப்பமரம் சொன்னதில பாதி சரி. உடன பதில் போடவேணும், அது உண்மை. ஆனா உடன "ஓம்" போடவேணும் எண்டில்லை. பதில் வராத ஆளைத்தான் நான் தாண்டிப் போனனான். "இப்ப ஏலாது, இந்த நேரம் ஏலும்" எண்டு பத்து நிமிசத்தில எழுதின ஆளை விட்டதாய் ஞாபகம் இல்லை.

வேப்பமரம் | 12:26

சரி, காய்ச்சலை வாபஸ் வாங்கிறன். ஆனா அண்ணை, காலமை 9:30, 10 எண்டு சொல்லியிருக்கிறியள், அப்பவும் பிள்ளை ஒபிசிலதானே?

கொக்குவிலான் | 12:29

அது சிங்கப்பூர் நேரம் ராசா. இங்க காலமை 7, 7:30. பிள்ளை அப்ப வீட்டில. இதில பின்னேரம் எங்களுக்கு உதவாது. நாங்கள் வேலை முடிச்சு வீட்ட போய்ச் சேர 6 மணி எண்டா அங்க இரவு எட்டரை, அவர் சாப்பிட்டு முடிச்சிருப்பார். காலமைதான் ரெண்டு பக்கத்துக்கும் பொருந்தும். லண்டன் ஆள் எண்டா இது தலைகீழ், அங்க விடியிறதே எங்களுக்கு மத்தியானம்.

கணக்குப்பிள்ளை | 1:24

வந்திட்டன். நடந்ததைச் சொல்லுறன்.

12:12க்கே பதில் வந்தது. 3 மணி சிங்கப்பூர் நேரம்தானாம், குரல் போதும், தான் மட்டும்தானாம். சாப்பாட்டு நேரம் எண்டபடியா ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல. ஒபிசுக்குப் பின்னால ஜெனரேற்றர் சத்தம், முன்னால பஸ் ஹோர்ன். அதால பக்கத்து ஒழுங்கைக்குள்ள போய் ஒரு மதிலோட நிண்டு கதைச்சன். ஐஞ்சாவது நிமிசம் ஐஸ்கிறீம் வான் பாட்டோட வந்து எனக்குப் பக்கத்திலயே நிண்டுது! அவர் சிரிச்சுப்போட்டு, முடியட்டும், நான் நிக்கிறன் எண்டார். வீடியோவா இருந்திருந்தா என்ர வேர்வையையும் பாத்திருப்பார்.

மொத்தம் 12 நிமிசம். கொக்குவில் அண்ணை சொன்னதுதான் கேட்டார். இன்னும் விருப்பமோ, இப்ப இருக்கிற இடத்தில எவ்வளவு நாள் முன்னறிவித்தல் குடுக்கவேணும், எந்தக் கணக்கு மென்பொருள் பழக்கம், எவ்வளவு எதிர்பாக்கிறன். கொம்பனியோட வீடியோ வியாழக்கிழமை, எங்கட நேரம் 7:30க்கு. அழைப்பைக் கலண்டருக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டன். அனுப்பினார், போனில 7:30 எண்டே காட்டுது, இனிக் கழிச்சுக் கூட்டிப் பாக்கத் தேவையில்லை. பனையடி அண்ணை, `R` இலக்கம் மின்னஞ்சலில இருந்தது, தேடிப் பாத்தன், அவற்ற பேரும் நிறுவனமும் சரியா வந்தது.

ஒண்டில மட்டும் பிழை விட்டிட்டனோ தெரியேல்ல. எவ்வளவு எதிர்பாக்கிறியள் எண்டு கேக்க, யோசிக்காமல் இப்ப எடுக்கிற சம்பளத்தோட கொஞ்சம் கூட்டி ரூபாயில சொல்லிப்போட்டன். அவர் ஒண்டும் சொல்லாமல் எழுதினவர்.

கொக்குவிலான் | 1:33

வான்காரன் நல்லாத்தான் வந்திருக்கிறான்.

சம்பளக் கதைக்கு: அந்த இடத்தில "இந்த வேலைக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கிற அளவு என்ன" எண்டு திருப்பிக் கேட்டிருக்கலாம். கன ரிக்ரூட்டர்மார் சொல்லுவினம். இப்ப சொன்னது சொன்னதுதான், ஆனா பூட்டுப்படேல்ல. இண்டைக்கே அவருக்கு ஒரு வரி போடுங்கோ: கோலில சொன்னது இப்பத்தைய நிலையை வைச்சுச் சொன்னது, வேலை விபரத்தை முழுசாப் பாத்தபிறகு தொகையைச் சரியாச் சொல்லுறன், வேலை விபரக் கோப்பை அனுப்ப ஏலுமோ எண்டு. கொம்பனிக்குப் பட்டியல் போக முந்தி அது அவற்ற கையில கிடைக்கவேணும்.

பனையடி | 1:40

அது சரிவராது எண்டுதான் நினைக்கிறன். ஒருக்காச் சொன்ன தொகையை ஒரு மணித்தியாலத்தில மாத்தினா ஆள் நிலையில்லாதது எண்டு நினைப்பினம். வியாழக்கிழமை கொம்பனி கேக்கிற நேரம் பாத்துக்கொள்ளலாம்.

கொக்குவிலான் | 1:46

கொம்பனிக்கு முன்னால மாத்தினா ரிக்ரூட்டருக்கு முகம் போகும், அவர் பிறகு உங்கட பக்கம் நிக்கமாட்டார். மாத்திறதெண்டா அவரிட்ட, இண்டைக்கு. ஆனா பனையடி சொல்லுறமாதிரி நினைக்கிற ரிக்ரூட்டரும் இருக்கினம், இல்லையெண்டில்லை. கதைச்ச குரலைக் கேட்டது பிள்ளைதான்.

கணக்குப்பிள்ளை | 1:52

வேலை விபரத்தை மட்டும் இப்ப கேக்கிறன். தொகையைப் பற்றி இரவைக்கு வீட்டில இருந்து யோசிச்சுப் பாக்கிறன். முதலாளி வந்திட்டார், போறன்.

கடலோரம் | 2:15

கமெரா சரிவந்ததோ?