மவ்ளூஃ என்பதற்கு ஒரு சொல்: ‘இட்டுக்கட்டு’ போதுமா?

நஸீமா:
அனைவருக்கும் வணக்கம். இளங்கலை மாணவர்களுக்கான ஹதீஸ் எனும் நபிமொழிகளின் திறனாய்வுப் பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். கலைச்சொல் பட்டியல் வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஸஹீஹுக்கு ‘ஆதாரப்பூர்வமானது’ என்பதும் ளயீஃபுக்குப் ‘பலவீனமானது’ என்பதும் நம் பதிப்புகளில் நிலைத்துவிட்டன. நபியவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரில் சொல்லும் மவ்ளூஃ மட்டும் ‘இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்’ என்று நீண்டு, அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்க மறுக்கிறது. இப்போதைக்குப் ‘புனைமொழி’ என்று போட்டு வைத்திருக்கிறேன். ஒரு நல்ல பெயர்ச்சொல் தந்து உதவுங்கள்.

இளங்கோ:
அம்மா, புனைதல் என்பது தமிழில் பழிச்சொல் அன்று. அழகுபடுத்துதல், தொடுத்தல், தீட்டுதல் ஆகியவையே அதன் பழம்பொருள். நெடுநல்வாடையின் ‘புனையா ஓவியம்’ என்ற தொடரை நினைத்துப் பாருங்கள். தொல்காப்பியர், ‘பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப’ என்றார். கரணம் என்றால் சடங்கு முறை; யாத்தல் என்றால் கட்டுதல். யாப்பு, யாக்கை எல்லாம் அதன் வழிவந்தவையே. பொய்யாகக் கட்டப்பட்டதைப் ‘பொய்யாப்பு’ என்று சொன்னால் சொல்லும் சிறியது, வேரும் தூயது.

செல்வம்:
திருக்குறளையே ‘பொய்யாமொழி’ என்று போற்றுகிற மொழியில் ‘பொய்யாப்பு’ என்று எழுதினால், பொய்க்காத யாப்பு என்றுதான் பாதிப்பேர் படிப்பார்கள். நம்மிடம் ‘இடைச்செருகல்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே. கம்பராமாயணத்தில் பின்னால் நுழைந்தவற்றை ‘வெள்ளிப் பாடல்கள்’ என்று ஒதுக்கி வைக்கவில்லையா? அதே வேலைதானே இதுவும்?

அப்துல் காதர்:
அஸ்ஸலாமு அலைக்கும். இளங்கோ ஐயா காட்டிய நூற்பா இந்த இடத்துக்கு அவர் எண்ணியதைவிட நன்றாகப் பொருந்துகிறது. ஆரம்பத்தில் மக்கள் அறிவிப்பாளர் தொடரைப் பற்றிக் கேட்டதில்லை என்றும், குழப்பம் தோன்றிய பிறகே ‘உங்களுக்கு அறிவித்தவர்களின் பெயரைச் சொல்லுங்கள்’ என்று கேட்கத் தொடங்கினார்கள் என்றும் ஆரம்பகால அறிஞர் இப்னு ஸீரீன் சொன்னதை இமாம் முஸ்லிம் தம் நூலின் முன்னுரையில் பதிந்திருக்கிறார். பொய் தோன்றிய பிறகுதான் அங்கும் கரணம் யாத்தார்கள்.

ஆனால் ‘இடைச்செருகல்’ சரிவராது, செல்வம். உண்மையான நபிமொழிக்குள் அறிவிப்பாளரின் சொந்த வாசகம் கலந்துவிட்டால் அதற்கு முத்ரஜ் என்று தனிப்பெயர் இருக்கிறது. மவ்ளூஃ பெரும்பாலும் முழுவதுமே கட்டியது.

குர்ஆன் அத்தியாயங்களின் சிறப்பு பற்றி நபித்தோழர் உபை இப்னு கஅபின் பெயரால் உலவிய நீண்ட அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஓதினால் என்ன நன்மை என்று வரிசையாகச் சொல்லும் அறிவிப்பு அது. ஹதீஸ் அறிவிப்பாளர் முஅம்மல் இப்னு இஸ்மாயீலுக்கு அதை ஒரு பெரியவர் சொன்னார். ‘உங்களுக்கு யார் சொன்னது?’ என்று கேட்டதற்கு மதாயினில் இருக்கும் ஒருவரைக் காட்டினார். முஅம்மல் மதாயினுக்குப் போனார். அங்கிருந்தவர் வாஸித்தில் ஒருவரையும், அவர் பஸ்ராவில் ஒருவரையும், பஸ்ராக்காரர் அப்பாதானில் ஒருவரையும் கைகாட்டினார்கள். அப்பாதானில் ஸூஃபிகள் கூடியிருந்த ஒரு வீட்டுக்குள் அவரை அழைத்துச் சென்று, ‘இந்தப் பெரியவர்தான் எனக்குச் சொன்னார்’ என்றார்கள். முஅம்மல் அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். ‘எனக்கு யாரும் சொல்லவில்லை. மக்கள் குர்ஆனை விட்டு விலகுவதைக் கண்டோம். அவர்கள் மனத்தை அதன் பக்கம் திருப்ப நாங்களே இதை உண்டாக்கினோம்’ என்று பதில் வந்தது.

மர்வு நகரத்து நூஹ் இப்னு அபீ மர்யமும் ஏறத்தாழ இதையே சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. மக்கள் அபூஹனீஃபாவின் சட்டத்திலும் இப்னு இஸ்ஹாக்கின் போர் வரலாற்றிலும் மூழ்கிவிட்டார்களே என்று, நன்மையை நாடி அவர் அத்தியாயச் சிறப்புகளை இட்டுக்கட்டினாராம். இப்படிப்பட்டவர்களால்தான் தீங்கு அதிகம், ஏனெனில் பக்திமான் சொன்னால் ஊர் நம்பிவிடுகிறது. அல்வாஹிதீ, ஸமக்‌ஷரீ போன்ற பெரிய குர்ஆன் விரிவுரையாளர்களே உபையின் அறிவிப்பைத் தம் நூல்களில் சேர்த்துவிட்டார்கள்.

ரபீக்:
ஹஜ்ரத், எங்கள் பாட்டி வைத்திருந்த ஓதல் கிதாபில் ஒவ்வொரு சூராவுக்கும் இப்படித்தான் நன்மை எழுதியிருக்கிறது. அப்படியானால் வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் ஓதுவதை நிறுத்திவிட வேண்டுமா?

அப்துல் காதர்:
தம்பி, நஸீமா கேட்பது சொல்லைப் பற்றி. இருந்தாலும் சொல்கிறேன்: ஓதுவதை ஏன் நிறுத்த வேண்டும்? சூரா இக்லாஸ் குர்ஆனின் மூன்றில் ஒரு பங்குக்கு நிகர் என்பது புகாரியின் ஹதீஸ் தொகுப்பிலேயே இருக்கிறது. எல்லா அத்தியாயத்துக்கும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் கூலி சொல்லும் பட்டியலைத்தான் நம்பக் கூடாது.

இளங்கோ:
ஹஜ்ரத் சொல்வதிலிருந்து பொய்யின் பின்னால் ஒரு நோக்கம் உண்டு என்று தெரிகிறது. ஆகவே நோக்கத்தைக் காட்டும் சொல்லே வேண்டும். ‘பொய்’ என்ற உறுப்பு இல்லாத எந்தச் சொல்லையும் நான் ஏற்கமாட்டேன்.

அப்துல் காதர்:
ஐயா, சிக்கலே அங்குதான் இருக்கிறது. கைபர் ஆவணத்தில் நோக்கம் பட்டவர்த்தனம். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில், கைபர் யூதர்களுக்கு ஜிஸ்யா வரியை நபியவர்கள் தள்ளுபடி செய்ததாகச் சொல்லும் ஓர் ஓலை பாக்தாதில் அமைச்சர் இப்னுல் முஸ்லிமாவிடம் வந்தது. அவர் அதை ஹதீஸ் அறிஞர் அல்கதீப் அல்பக்தாதீயிடம் காட்டினார். அல்கதீப் சாட்சிகளின் பெயர்களைப் பார்த்த மாத்திரத்தில் ‘இது பொய்’ என்றார். சாட்சியாக இருந்த முஆவியா இஸ்லாத்தை ஏற்றது ஹிஜ்ரி 8இல், மக்கா வெற்றியின்போது. கைபர் அதற்கு முந்தைய ஆண்டே வெல்லப்பட்டுவிட்டது. இன்னொரு சாட்சியான ஸஅத் இப்னு முஆத், அகழ்ப்போர் நடந்த 5ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். வரி மிச்சமாகும் என்பதற்காகச் செய்த வேலை, ஆண்டுக் கணக்கில் மாட்டிக்கொண்டது.

ஆனால் தாபித் இப்னு மூஸாவின் கதை வேறு. ஆசிரியர் ஷரீக் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். ‘இன்னாரிடமிருந்து இன்னார், நபியவர்கள் சொன்னார்கள்’ என்று தொடரை மட்டும் சொல்லி, எழுதுபவருக்காகச் சற்று நிறுத்தினார். அந்நேரம் இரவு வணக்கத்தில் ஊறிய தாபித் உள்ளே நுழைந்தார். ஷரீக் அவரைப் பார்த்து, ‘இரவில் அதிகம் தொழுபவரின் முகம் பகலில் பொலிவாக இருக்கும்’ என்றார். அது அந்தத் தொடரின் வாசகம் என்று எண்ணிய தாபித் அப்படியே அறிவிக்கத் தொடங்கிவிட்டார். இப்னு மாஜாவின் ஹதீஸ் தொகுப்பிலும் அது இடம்பெற்றுவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அது நபியவர்களின் சொல் அன்று. வேண்டுமென்று செய்யாத இதை மவ்ளூஃ என்பதா, மவ்ளூஃ போன்றது என்பதா என்று அறிஞர்களுக்குள்ளேயே பேச்சு உண்டு. ‘பொய்’ என்று தொடங்கும் சொல்லை வைத்தால் தாபித்தைப் பொய்யராக்கிவிடுவோம்.

செல்வம்:
‘இட்டுக்கட்டு’ மட்டும் நோக்கத்தைச் சொல்லாமல் இருக்கிறதா? எங்கள் ஊரில் ‘அவன் இட்டுக்கட்டிப் பேசுகிறான்’ என்றால் நேரடிக் குற்றச்சாட்டு. என் ‘இடைச்செருக’லில் அந்த வம்பு இல்லை. அறியாமலும் செருகலாம் அல்லவா?

அப்துல் காதர்:
அது நியாயமான கேள்வி. உங்கள் சொல்லுக்குச் சாதகமாக ஒரு நிகழ்ச்சியும் இருக்கிறது. புறாப் பந்தயத்தில் ஆசை கொண்ட கலீஃபா மஹ்தீயின் அவையில், கியாஸ் இப்னு இப்ராஹீம் என்பவர், அம்பு, ஒட்டகம், குதிரை ஆகியவற்றில் மட்டுமே பந்தயம் கூடும் என்ற உண்மையான நபிமொழியோடு ‘இறக்கை’ என்ற ஒரே சொல்லைச் சேர்த்தார். அது செருகல்தான்; ஆனால் அரசரை மகிழ்விக்க அறிந்தே செய்தது என்பதால் இட்டுக்கட்டலாகவே எண்ணப்படுகிறது. என் கட்சியைத் தளர்த்தும் சான்று இது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நஸீமா:
மிக்க நன்றி. பட்டியலில் ‘இட்டுக்கட்டு மொழி’ என்று போடுகிறேன். தமிழகத்திலும் இலங்கையிலும் வாசகர்களுக்கு ‘இட்டுக்கட்டப்பட்ட’ பழகியது என்பதால் விளங்கிக்கொள்வார்கள். தாபித்தின் அறிவிப்பை மட்டும் அந்தத் தலைப்பிலிருந்து பிரித்து, ‘தவறி ஏறிய மொழி’ என்று தனி வரியில் வைக்கிறேன். கியாஸின் ‘இறக்கை’யை எந்த வரியில் வைப்பது என்று வியாழன் இரவுக்குள் யாராவது சொன்னால் நல்லது.

இளங்கோ:
‘இட்டுக்கட்டு மொழி’யை என் எதிர்ப்போடு பதிவு செய்யுங்கள். வினையடியைப் பெயர்முன் ஒட்டுவது வழக்கில் உண்டு என்பதை மறுக்கவில்லை; ஆயினும் இட்டதும் கட்டியதும் பொய் என்று அந்தச் சொல் எங்கே சொல்கிறது?