டைப் செய்துகொண்டிருக்கும்போதே சாட் மூடிக்கொண்டால்: உங்களுக்கு நடந்தது என்ன?

தாமிரபரணிக்காரி

ஒரு ஷாப்பிங் தளத்தில் மிக்ஸி வாங்க யுபிஐயில் பணம் கட்டினேன். கணக்கில் 3,450 ரூபாய் கழிந்துவிட்டது, ஆர்டர் மட்டும் விழவில்லை. சாட்டில் போனால் ஏஜென்ட் தேதி, தொகை எல்லாம் கேட்டுவிட்டு யூடிஆர் எண்ணைக் கேட்டார். வங்கி ஆப்பைத் திறந்து அந்த 12 இலக்க எண்ணைத் தேடிப் பிடித்து வந்து, நடந்ததையும் சேர்த்து எழுதிவிடலாமென்று நாலைந்து வரி டைப் செய்துகொண்டிருந்தேன். 'பதில் வராததால் உரையாடல் முடிக்கப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. பெட்டி சாம்பல் நிறமாகிவிட்டது, எழுதியதெல்லாம் போச்சு.

மறுபடி திறந்தால் வேறொரு ஏஜென்ட். தலையெழுத்தே என்று முதலிலிருந்து ஆரம்பிக்கப் போனேன். அவரோ, "முன்பு பேசியதைப் பார்த்துவிட்டேன் மேடம். தொகையும் தேதியும் இருக்கிறது. யூடிஆர் எண்ணை மட்டும் முதலில் அனுப்பிவிடுங்கள், மற்றதை மெதுவாக எழுதலாம்" என்றார். பத்தே நிமிடத்தில் புகார் பதிவாகிவிட்டது. வேறு ஒரு இடத்தில் இதே மாதிரி அறுந்தபோது பெயர், நம்பர், ஆர்டர் என்று மூன்று பேரிடம் ஒப்பிக்க வைத்தார்கள்.

நாம் டைப் செய்வது அவர்களுக்குத் தெரியாதா? உங்களுக்கு எப்படி நடந்தது, திரும்ப எப்படி எடுத்துப் பேசினார்கள், சொல்லுங்கள்.

கோவை குசும்பன்

நன்றாகத் தெரியும். நாம் அனுப்புவதற்கு முன்பே எழுத்து எழுத்தாகப் படிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இந்த வேலையில் இருந்தான், அவன் சொன்னது. ஒரு சாட்டுக்கு இவ்வளவு நிமிடம்தான் என்று கணக்கு உண்டு. அது ஏறினால் வேண்டுமென்றே மூடிவிட்டு அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடுவார்கள்.

இரவு ஷிஃப்ட்

சென்னையில் சில வருடம் சாட் ஏஜென்டாகவும் பிறகு டீம் லீடாகவும் இருந்திருக்கிறேன். குசும்பன் சொன்னதில் பாதி சரி. அனுப்பும் முன்பே எழுத்தைக் காட்டும் வசதி சில மென்பொருள்களில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. நாங்கள் பயன்படுத்தியதில் 'டைப் செய்கிறார்' என்ற மூன்று புள்ளிகள் மட்டும்தான். விசையைத் தட்டுவதைச் சில விநாடி நிறுத்தினால் அதுவும் மறைந்துவிடும். வேறு செயலியில் எழுதி ஒட்டினால் பெரும்பாலும் வரவே வராது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பல இடங்களில் சாட்டைத் தானாக மூடும் டைமர் நீங்கள் கடைசியாக *அனுப்பிய* மெசேஜிலிருந்து ஓடும். டைப் செய்வதை அது கணக்கில் எடுக்காது. எங்களிடம் 2 நிமிடத்தில் 'இருக்கிறீர்களா?' என்று தானாகக் கேட்கும், 5 நிமிடத்தில் தானாக மூடும். மற்ற இடங்களில் இந்த அளவு மாறும், அட்மின் வைப்பதுதான். ஒருவருக்கு ஒரே நேரத்தில் மூன்று சாட் ஓடும். ஒன்றில் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றில் புள்ளிகள் ஓடுவதைக் கண் பார்க்காது.

தானாக மூடியதா, ஆள் மூடினாரா என்பதைப் பெரும்பாலும் கடைசி வரியைப் பார்த்தே சொல்லிவிடலாம். 'பதில் வராததால்' என்று இருந்தால் டைமர். 'ஏஜென்ட் உரையாடலை முடித்தார்' என்று இருந்தால் ஆள். வேண்டுமென்றே மூடுகிறவர்கள் இல்லையென்று சொல்ல மாட்டேன், பார்த்திருக்கிறேன். ஆனால் மூடினால்தான் ரேட்டிங் கேள்வி போகும். பாதியில் அறுந்த கோபத்தில் யார் ஐந்து நட்சத்திரம் போடுவார்கள்? அதனால் புத்தியுள்ள ஏஜென்ட் அதைச் செய்ய மாட்டார்.

திரும்ப எடுப்பது பற்றி. நீங்கள் லாகின் செய்திருந்தால் புது சாட் திறந்ததும் பழைய உரையாடல் பக்கத்துப் பட்டியில் வந்துவிடும். விருந்தினராகப் பேசினால் இரண்டையும் இணைக்க ஒன்றும் இருக்காது, அதனால்தான் மறுபடி ஒப்பிக்க வைக்கிறார்கள். என் டீமில் நான் சொல்லிக்கொடுத்தது: 'வணக்கம், எப்படி உதவலாம்' என்ற ரெடிமேட் வரியை அனுப்பாதே. பழைய சாட்டின் கடைசி ஐந்தாறு வரியைப் படி. என்ன கிடைத்துவிட்டது, என்ன மட்டும் பாக்கி என்று ஒரே மெசேஜில் சொல். மேலே இவருக்கு வந்தது அதே மாதிரி பதில். அது முடிந்ததற்குக் காரணம், முதல் ஏஜென்ட் 'யூடிஆருக்காகக் காத்திருக்கிறோம்' என்று ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்க வேண்டும். குறிப்பு இல்லையென்றால் இரண்டாவது ஆளுக்கு முழுதும் படிக்க நேரம் இருக்காது, வரிசையில் அடுத்தவர் நின்றுகொண்டிருப்பார்.

ஒன்று மட்டும் மாற்ற முடியாது. வங்கி, காப்பீடு போன்ற இடங்களில் ஓடிபி சரிபார்ப்பை அந்த சாட்டோடு முடித்துவைத்திருப்பார்கள். சாட் மூடினால் அதுவும் போச்சு, மறுபடி செய்தே ஆக வேண்டும். அதற்கு ஏஜென்டைத் திட்டிப் பயனில்லை.

மதுரை மாமா

தம்பி, இதே கதைதான் எனக்கும். நெட்பேங்கிங்கில் பணம் அனுப்பும்போது பாதியில் லாகவுட் ஆகிவிடுகிறது. பெனிஃபிஷியரி சேர்ப்பதற்குள் மூன்று தடவை. இந்த அம்மாவுக்குப் பணம் திரும்ப வராமல் இருக்காது, கடைக்குப் போன யுபிஐ பணம் சிக்கினால் 5 நாளில் தானாகத் திரும்ப வர வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே சொல்லியிருக்கிறது.

தாமிரபரணிக்காரி

நன்றி மாமா, பணம் வந்துவிட்டது. ஆனால் நான் கேட்டது லாகவுட் பற்றி இல்லை, சாட் பற்றி.

பேரனின் பாட்டி

எனக்குத் தமிழில் டைப் செய்ய நேரமாகும், அதனால் மைக்கில் பேசுவேன். பிராட்பேண்ட் வேலை செய்யவில்லையென்று நிறுவனத்தின் சாட்டில் பேசினேன். மோடத்தில் எந்த விளக்கு சிவப்பாக எரிகிறது, போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றார்கள். கேமராவைத் திறந்து எடுத்துவிட்டு வருவதற்குள் 'வாடிக்கையாளர் வெளியேறிவிட்டார்' என்று வந்துவிட்டது. நான் எங்கே வெளியேறினேன்? சோபாவில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இரவு ஷிஃப்ட்

அது டைமர் இல்லை அம்மா. போனில் பிரவுசரை விட்டு வேறு செயலிக்குப் போனால் பின்னணியில் இருக்கும் பக்கத்தைப் போன் தூங்க வைத்துவிடும், இணைப்பு அறுந்துவிடும். எங்கள் திரையில் 'ஆஃப்லைன்' என்று வரும். வங்கி ஆப்புக்குப் போய் வந்த முதல் கேஸிலும் இது கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். போட்டோவை முன்பே எடுத்து வைத்துக்கொண்டு சாட்டைத் திறப்பது நல்லது. போக வேண்டியிருந்தால் 'எண் எடுக்கப் போகிறேன், 5 நிமிடம்' என்று ஒரு வரி தட்டிவிட்டுப் போங்கள். டைமர் மறுபடி முதலிலிருந்து ஓடும், ஏஜென்டும் அதைப் பார்த்து சாட்டை நிறுத்தி வைக்க வழியிருந்தால் வைப்பார். நீளமாக எழுதுவதையும் இரண்டு இரண்டு வரியாக அனுப்புங்கள்.

கோவை குசும்பன்

வாட்ஸப்பிலேயே பேசினால் இந்தத் தொல்லையே கிடையாதே? அங்கே எதுவும் மூடாது.

இரவு ஷிஃப்ட்

எழுதியது அழியாது, அது உண்மை. ஆனால் நம் கடைசி மெசேஜிலிருந்து 24 மணி நேரம் வரைதான் நிறுவனம் இஷ்டப்படி பதில் எழுதலாம். அதைத் தாண்டினால் முன்பே அனுமதி வாங்கிய டெம்ப்ளேட் மட்டும்தான். 'உங்கள் புகார் தொடர்பாகப் பேச விரும்புகிறோம், பதில் அனுப்பவும்' என்று மொட்டையாக ஒரு மெசேஜ் வருகிறதே, அது இதனால்தான். அதோடு அங்கேயும் ஏஜென்ட் பக்கம் மூடும். உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கோவை குசும்பன்

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டைப் செய்வது தெரிகிறதென்றால் டைமரை ஏன் அதோடு இணைக்கக் கூடாது? அதற்குப் பதிலே சொல்லவில்லையே.

இரவு ஷிஃப்ட்

சில மென்பொருளில் இணைக்கலாம். நாங்களும் கேட்டோம். பெட்டியில் நாலு எழுத்து தட்டித் தட்டி விட்டு அரை மணி நேரம் இடத்தைப் பிடித்துவைப்பவர்களும் இருக்கிறார்கள் என்று மேலே மறுத்துவிட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, கடைசிவரை மாறவும் இல்லை.

தாமிரபரணிக்காரி

அறுந்த முதல் சாட்டுக்கு இன்றைக்குத்தான் மெயிலில் ரேட்டிங் கேட்டிருக்கிறார்கள். குறைவாகப் போட்டால் அந்த முதல் ஏஜென்டின் தலையில்தானே விழும்? அவர் குறிப்பு எழுதியிருக்காவிட்டால் எனக்கு வேலை முடிந்திருக்காது. போடாமலே விட்டால் அவர் கணக்கில் எதுவும் ஏறாதா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.