ஸ்லைடு மாறும்போதெல்லாம் முதல் சொல் விழுங்கப்படுது. கேமரா முகம் வரைபடத்தை மறைக்குது: உதவி தேவை

மன்னை_புவியியல்:
வணக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக காவிரி டெல்டா பற்றி 18 நிமிடப் பாடம் ஒன்றை பவர்பாயிண்ட்லயே பதிவு பண்ணியிருக்கேன். மைக்ரோசாஃப்ட் 365, விண்டோஸ் 11, லேப்டாப் கேமரா, சட்டையில மாட்டுற ஒயர் மைக். மொத்தம் 22 ஸ்லைடு, ஓரத்தில என் முகம் சின்னதா தெரியுது. மூணு சிக்கல்.

ஒண்ணு, ஒவ்வொரு ஸ்லைடும் ஆரம்பிக்கும்போது முதல் அசை காணாமல் போகுது. "வெண்ணாறு"ன்னு சொன்னது "ண்ணாறு"ன்னும், அடுத்த ஸ்லைடில "வெட்டாறு" "ட்டாறு"ன்னும் கேக்குது. பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இந்த ரெண்டு பேரும் குழப்பம்.

ரெண்டு, முகம் வலது கீழ் மூலையில வந்து உக்காருது. டெல்டா வரைபடத்தில அங்கதான் வேதாரண்யமும் கோடியக்கரையும் இருக்கு.

மூணு, சில ஸ்லைடுகள்ல வாய் அசைவு குரலுக்குப் பின்னால வருது.

பட்டுக்கோட்டை_மாஸ்டர்:
டீச்சர், வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பினா இப்படித்தான் கெடும். அது சுருக்கிடும், எழுத்தெல்லாம் மங்கிப் போகும். பேப்பர் கிளிப் படத்தைத் தொட்டு Document-ஆ அனுப்புங்க, அப்படியே போய்ச் சேரும். 720p-ல எக்ஸ்போர்ட் பண்ணினா போதும், பிள்ளைகள் போன்லதானே பாக்குறாங்க.

மன்னை_புவியியல்:
நன்றி சார், அனுப்பும்போது அப்படியே செய்றேன். ஆனா இன்னும் யாருக்கும் அனுப்பவே இல்லை. என் லேப்டாப்லயே அசை விழுந்துதான் கேக்குது.

ஆரூர்_சவுண்டு:
இது இரைச்சல் நீக்கியோட வேலை. விண்டோஸ்ல மைக்குக்கு Audio enhancements-னு ஒண்ணு ஓடும். அமைதியா இருக்கும்போது மைக்கை அடக்கி வெச்சிருக்கும், பேச ஆரம்பிச்சதும் திறக்கும். திறக்குறதுக்குள்ள முதல் அசை போயிடும். Settings > System > Sound போய் உங்க மைக்கைத் தொட்டு Audio enhancements-ஐ Off பண்ணுங்க. சரியாயிடும்.

குடந்தை_ஸ்லைடு:
ஆரூர் சொல்றது நடக்கக்கூடிய விஷயம்தான். ஆனா இங்க அதுதான் காரணமான்னு முதல்ல பிரிச்சுப் பாத்துடணும். ஒரே ஸ்லைடில இருந்துக்கிட்டு ஒரு வாக்கியம் பேசுங்க, ஐந்து விநாடி சும்மா இருங்க, ஸ்லைடை மாத்தாமலே "வெண்ணாறு"ன்னு சொல்லுங்க. பதிவுல அசை விழுந்திருந்தா இரைச்சல் நீக்கி. முழுசா கேட்டா குற்றம் ஸ்லைடு மாறுற இடத்தில இருக்கு. கூடவே Transitions தாவலைத் திறந்து Duration பெட்டியில என்ன எண் இருக்குன்னு சொல்லுங்க.

மன்னை_புவியியல்:
நடுவுல நிறுத்திப் பேசினா முழுசா கேக்குது. Duration 01.50. எல்லா ஸ்லைடுக்கும் Push போட்டிருக்கேன்.

குடந்தை_ஸ்லைடு:
அப்ப விஷயம் தெளிவு. பவர்பாயிண்ட் மொத்தப் பாடத்தையும் ஒரே நீளப் பதிவா எடுக்கிறதில்லை. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தனித்தனித் துண்டா எடுத்து அந்தந்த ஸ்லைடுக்குள்ளயே வெச்சுடும். ஒரு ஸ்லைடு போய் அடுத்தது வந்து நிக்கிற வரைக்கும், அதாவது Transition ஓடுற நேரத்தில, ஒலியோ முகமோ எதுவுமே பதிவாகாது. உங்களுக்கு அது ஒன்றரை விநாடி. விசையைத் தட்டினதும் பேச ஆரம்பிச்சா முதல் அசை போகத்தான் செய்யும்; வேகமாப் பேசுறவங்களுக்கு ரெண்டு சொல்லே போயிடும். மைக் மேல பழி இல்லை.

Transitions > None கொடுத்து Apply To All அழுத்துங்க. இழப்பு ரொம்பக் குறையும், ஆனா முழுசா போகும்னு நம்பாதீங்க. வாக்கியத்தை முடிச்சு, வாயை மூடி, விசையைத் தட்டி, புதுப் படம் நின்னதும் ஒரு மூச்சு விட்டு பேசுங்க. கடைசிச் சொல் முடியுறதுக்கு முன்னால தட்டினா வாலும் அறுபடும்.

இதைவிட நல்ல வழி, தொடர்ச்சியாப் பேச வேண்டிய விஷயத்தை ஸ்லைடு ஸ்லைடா உடைக்காமல் இருக்கிறது. வெண்ணாறு, அதிலிருந்து பிரியுற வெட்டாறு ரெண்டையும் ஒரே வரைபட ஸ்லைடில வையுங்க. ஒவ்வொரு ஆற்றுக்கோட்டுக்கும் Animations-ல Wipe, Start-ல On Click. ஒரு கிளிக்குக்கு வெண்ணாறு ஓடி வரும், அடுத்த கிளிக்குக்கு வெட்டாறு. ஸ்லைடு மாறலையே, அதனால பதிவு அறுபடாது. எந்த நொடியில கிளிக் பண்ணீங்கங்கிறதும் பதிவாகி வீடியோவுல அப்படியே வரும். உங்க 22 ஸ்லைடு அநேகமா பதினாலு, பதினைந்தா சுருங்கிடும்.

இப்ப இருக்கிறதை முழுக்க அழிக்க வேண்டாம். கெட்ட ஸ்லைடுல நின்னுக்கிட்டு Slide Show > Record > From Current Slide. அந்த ஒரு ஸ்லைடு முடிஞ்சதும் அடுத்ததுக்குத் தட்டாமல் Stop அழுத்துங்க. பழக்க தோஷத்தில தட்டிட்டா அடுத்த ஸ்லைடோட நல்ல பதிவு மேலயும் புதுசு ஏறிடும். அதுக்கு முன்னால கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வெச்சுக்கோங்க.

ஆரூர்_சவுண்டு:
சரி, ஒத்துக்கிறேன். ஆனா மின்விசிறி ஓடுற அறைன்னா enhancements பத்தி நான் சொன்னதையும் ஒருதரம் பாத்துடுங்க டீச்சர். மெல்லப் பேசுற இடத்தில வாக்கியக் கடைசியை அது கடிக்கும்.

மாயூரம்_ஓபிஎஸ்:
இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? OBS Studio போட்டுக்கோங்க, இலவசம். Sources-ல Display Capture ஒண்ணு, Video Capture Device ஒண்ணு, மைக்குக்கு Audio Input Capture ஒண்ணு. மொத்தமும் ஒரே ஓட்டமா பதிவாகும், ஸ்லைடு எப்ப மாறினாலும் குரல் அறுபடாது. Recording Format மட்டும் mkv-யா இருக்கட்டும். நடுவுல கம்ப்யூட்டர் அணைஞ்சாலும் அதுவரைக்கும் எடுத்தது தப்பிக்கும். சாதாரண mp4-ன்னா திறக்கவே திறக்காது. முடிஞ்சதும் File > Remux Recordings-ல mp4 ஆக்கிக்கலாம்.

குடந்தை_ஸ்லைடு:
அசை விழுறதுக்கு அது சரியான மருந்துதான். ஆனா ஒரு விலை இருக்கு. OBS-ல ஒன்பதாம் நிமிடத்தில தடுமாறினா எடிட்டிங் மென்பொருள்ல வெட்டி ஒட்டணும். பவர்பாயிண்ட்ல அந்த ஒரு ஸ்லைடை மட்டும் திரும்ப எடுத்தால் போதும். அடுத்த வருஷம் ஒரு எண் மாறினாலும் அதே வசதி. எடிட்டிங் பழக்கம் இல்லாதவங்களுக்கு நான் பவர்பாயிண்ட்தான் சொல்லுவேன்.

மாயூரம்_ஓபிஎஸ்:
வெட்டி ஒட்டுறது பெரிய வித்தையா? ஒரு மணி நேரத்தில கத்துக்கலாம். சரி, அவங்கவங்க விருப்பம்.

மன்னை_புவியியல்:
ஆறுகளை ஒரே ஸ்லைடுக்குக் கொண்டுவந்து திரும்ப எடுத்தேன். அசை எல்லாம் முழுசா கேக்குது. இப்ப கோடியக்கரைக்கு என்ன வழி? முகத்தை ஒவ்வொரு ஸ்லைடா பிடிச்சு இழுத்துக்கிட்டிருக்கேன்.

குடந்தை_ஸ்லைடு:
பதிவுக்கு அப்புறம் இழுத்தா ஒவ்வொரு ஸ்லைடா இழுக்கத்தான் வேணும், ஏன்னா ஒவ்வொண்ணும் தனி வீடியோ. பதிவுக்கு முன்னாலயே இடம் குறிச்சுடலாம். 365-ல Insert > Cameo இருக்கு. அதைச் சொடுக்கினா ஸ்லைடு மேல ஒரு கேமராச் சட்டம் வரும். அதை எங்க, எந்த அளவில வைக்கிறீங்களோ, பதிவாகுற முகம் அங்கேயே, அதே அளவில வந்து உக்காரும்.

அகல ஸ்லைடு 33.87 செ.மீ. அகலம், 19.05 உயரம். முகச்சட்டம் 5.5 செ.மீ. சதுரம் போதும், ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. இதைவிடச் சின்னதா வெச்சா போன்ல உதடு தெரியாது. பெருசா வெச்சா பாடத்தோட போட்டி போடும். கேமரா படம் அகலமா வரும், அதனால முதல்ல Crop-ல ரெண்டு பக்கமும் வெட்டிச் சதுரமாக்கிட்டு அப்புறம் வட்டமாக்குங்க. நேரா வட்டம் கொடுத்தா முட்டை வடிவத்தில நிக்கும். கீழ் விளிம்போட ஒட்டியும் வைக்காதீங்க. வீடியோவை நிறுத்தும்போது வர்ற பட்டை தாடையை மறைச்சுடும், ரெண்டு செ.மீ. மேல இருக்கட்டும்.

எந்த மூலைங்கிறது உங்க பாடத்தைப் பொறுத்தது. டெல்டா வரைபடத்தில வடகிழக்கே கொள்ளிட முகத்துவாரம், கிழக்கே பூம்புகார், நாகப்பட்டினம், தென்கிழக்கே கோடியக்கரை. வலது பக்கம் முழுக்கச் சரக்குதான். இடது கீழ் மூலை புதுக்கோட்டைப் பக்கம், அங்க நீங்க காட்ட வேண்டியது ஒண்ணும் இல்லை. வரைபட ஸ்லைடுல முகத்தை அங்க வையுங்க.

பட்டுக்கோட்டை_மாஸ்டர்:
ஒரு ஸ்லைடில வலம், ஒரு ஸ்லைடில இடம்னு முகம் தாவினா பசங்க கண்ணு அது பின்னாலயே போகும். எல்லாத்துலயும் இடது கீழேயே வெச்சுடலாமே?

குடந்தை_ஸ்லைடு:
நியாயமான பேச்சு. ஆனா தமிழ் எழுத்து ஸ்லைடுகள்ல கடைசி வரி இடது கீழேதான் தொடங்கும், அதை மறைக்கும். View > Slide Master-ல எழுத்துப் பெட்டியோட கீழ் விளிம்பை எட்டு செ.மீ. அளவுக்கு ஏத்திக் கட்டினா இடம் கிடைக்கும். ஒரு ஸ்லைடுக்கு நாலைந்து வரிக்கு மேல எழுதவும் முடியாது, அது நல்லதுதான். இல்லைன்னா வரைபட ஸ்லைடுல மட்டும் கேமராவை அணைச்சுட்டுக் குரலை மட்டும் எடுங்க. எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும்: ஆற்றைப் பாக்குற நேரத்தில முகம் எதுக்கு?

ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே கேமராவோட எடுத்த ஸ்லைடுல முகம் வேண்டாம்னு அந்த வீடியோவை Delete பண்ணிடாதீங்க. குரலும் அதுக்குள்ளதான் இருக்கு. சேர்ந்தே போயிடும்.

மன்னை_புவியியல்:
நல்லவேளை சொன்னீங்க. வரைபடத்துக்குக் குரல் மட்டும் எடுத்துக்கிறேன். மூணாவது சிக்கல் எக்ஸ்போர்ட் பண்ணாமல் ஸ்லைடிலயே ஓட்டிப் பாத்தாலும் இருக்கு. உதடுதான் பிந்துது, குரல் இல்லை.

மாயூரம்_ஓபிஎஸ்:
ப்ளூடூத் மைக்கா?

குடந்தை_ஸ்லைடு:
ஒயர் மைக்னு முதல்லயே சொல்லிட்டாங்க. ப்ளூடூத்னா குரல்தான் பிந்தும், உதடு முந்தும். இங்க தலைகீழா இருக்கு, அதனால கேமராவைப் பாக்கணும். வெளிச்சம் குறைஞ்சா லேப்டாப் கேமரா ஒவ்வொரு படத்தையும் அதிக நேரம் திறந்து வெச்சு எடுக்கும். விநாடிக்கு 30 படம் வர வேண்டிய இடத்தில 15, சிலதுல அதுக்கும் கீழ வரும். கேமரா முன்னால கையை வேகமா அசைச்சுப் பாருங்க. விரல்கள் பிரிஞ்சு தெரியாமல் புகை மாதிரி இழுபட்டா வெளிச்சம் போதலை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டி உக்காருங்க. இரவுன்னா ஒரு எல்.இ.டி. பல்பை லேப்டாப்புக்குப் பின்னால, கண் உயரத்துக்குக் கொஞ்சம் மேல வையுங்க.

மன்னை_புவியியல்:
விரல் இழுபட்டுத்தான் தெரிஞ்சுது. ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்து எடுத்ததில பெரும்பாலும் சரியாயிடுச்சு. ஆனா கல்லணைத் துணுக்கு வீடியோ வெச்சிருக்கிற ஸ்லைடுல மட்டும் இன்னும் உதடு பிந்துது.

குடந்தை_ஸ்லைடு:
துணுக்கு ஓடும்போதே கேமராவையும் பதிவு பண்றதால லேப்டாப் திணறலாம்; உறுதியாச் சொல்ல முடியலை. சார்ஜர் செருகி, பிரவுசரை மூடிட்டு ஒருதரம் எடுத்துப் பாருங்க. துணுக்கு என்ன அளவு, 4K-வா? ராம் எவ்வளவு?

மன்னை_புவியியல்:
துணுக்கு போன்ல எடுத்தது, 4K-தான். ராம் 8 ஜிபி.

மாயூரம்_ஓபிஎஸ்:
File > Info > Compress Media-ல 720p ஆக்கிட்டு எடுங்க. அப்பவும் பிந்தினா அந்த ஒரு ஸ்லைடுக்கும் கேமராவை அணைச்சுடுங்க.