குழாய் போட்டும் ஐந்தாவது வீல் நட் கழரவில்லை, ஏன்?

கல்லடிப் பொடியன் (தரம் 10):
ஞாயிற்றுக்கிழமை கல்முனையில் இருந்து வரும்போது களுவாஞ்சிக்குடிப் பக்கம் மாமாவின் வேன் ரயர் பஞ்சர். வெறும் வீல் ஸ்பனரை நான் முழுப் பலத்தோடு அமர்த்தியும் ஒரு நட்டும் அசையவில்லை. மாமா ஸ்பனர் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நான்கு நட்டைக் கழற்றிவிட்டார். ஸ்பனர் 35 சென்ரிமீற்றர், குழாயோடு 90. தூரம் கூடினால் திருப்பம் கூடும், அது விளங்குது. ஐந்தாவதை என்னிடம் விட்டார். அதே குழாய், அதே நான், நட் அசையவே இல்லை. மாமா ஸ்பனரை எடுத்துத் திரும்பப் போட்டு அமர்த்தினார், டக்கென்று கழன்றது. "உனக்குப் பலம் காணாதுடா" என்று சிரிக்கிறார். பலம்தானா பிரச்சினை?

ஏறாவூர் றைடர்:
தம்பி, எதிர்ப்பக்கம் திருப்பியிருப்பாய். என் சைக்கிளில் இடது பெடலைக் கழற்ற ஒரு பின்னேரம் முழுக்க மல்லுக்கட்டினேன். மறுகாதான் தெரிந்தது, அந்தப் பெடலின் மரை மாறி ஓடும். கழற்றுகிறேன் என்று இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

கல்லடிப் பொடியன்:
இல்லை அண்ணா, மாமா திருப்பிய பக்கம்தான் நானும் அமர்த்தினேன்.

கணக்குப்புலி:
நீளமான ஸ்பனர் பலத்தை மூன்று மடங்காக்கும், அவ்வளவுதான். அப்படியும் கழரவில்லை என்றால் நட் துருப்பிடித்திருக்கும்.

விஞ்ஞான டீச்சர்:
பலம் கூடுவதில்லை மகன், திருப்பம்தான் கூடும். அதற்கும் விலை இருக்கு. நட்டை அறுபது பாகை திருப்ப வெறும் ஸ்பனரில் கை 37 சென்ரிமீற்றர் போனால் போதும். குழாயோடு 94 போகவேண்டும். இலவசமாக ஒன்றும் கிடைக்காது.

பொடியன், நீ அமர்த்தும்போது குழாய் எந்தப் பக்கம் பார்த்து நின்றது? படுத்தா, நிமிர்ந்தா?

கல்லடிப் பொடியன்:
நிமிர்ந்துதான் டீச்சர். இடப்பக்கம் கொஞ்சம் சரிந்து நின்றது. மேல் நுனியைப் பிடித்து உடம்புப் பாரத்தால் கீழே அமர்த்தினேன்.

விஞ்ஞான டீச்சர்:
அங்கேதான் விஷயம். திருப்பத்துக்கு ஸ்பனரின் நீளத்தை அப்படியே போடக்கூடாது. உன் விசை போகும் கோட்டுக்கும் நட்டின் நடுவுக்கும் இடையே உள்ள செங்குத்துத் தூரத்தைத்தான் போடவேண்டும். கோட்டைக் கீறிப் பார். நீ நேரே கீழே அமர்த்துகிறாய், குழாயும் ஏறக்குறைய நேரே நிற்கிறது. அந்தக் கோடு நட்டுக்குப் பக்கத்தாலேயே போகும்.

சரிவு 15 பாகை என்று வை. 90 சென்ரிமீற்றர் குழாயில் அந்தத் தூரம் 23தான். 30 கிலோ பாரம், அதாவது 300 நியூட்டன் அளவில் அமர்த்தினால் ஏறத்தாழ 70 நியூட்டன் மீற்றர். குழாயே இல்லாமல் வெறும் ஸ்பனரைப் படுக்கையாக வைத்து அதே பாரத்தைக் கொடுத்தால் 105. நீளக் குழாயை வைத்துக்கொண்டு கட்டை ஸ்பனரிடம் தோற்றிருக்கிறாய்!

பட்டறை மாமா:
டீச்சர் சொன்னது சரி. நட்டுக்கு ஆறு முகம், அதனால் ஸ்பனரைக் கழற்றி அடுத்த முகத்தில் போட்டால் 60 பாகை தள்ளி நிற்கும். பொடியனின் குழாய் அப்போது கிட்டத்தட்டப் படுத்துவிடும். பொடியனின் மாமா செய்ததும் அதைத்தான்.

கணக்குப்புலி:
நானும் போட்டுப் பார்த்தேன். அப்படி வைத்தால் தூரம் 87, திருப்பம் 261. முந்தியதைப் போல மூன்றரை மடங்குக்கு மேலே. சரி, நான் கோணத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

கல்லடிப் பொடியன்:
நிமிர்ந்து நிற்கும்போதே கழற்ற வழி இல்லையா?

பட்டறை மாமா:
இருக்கு. கீழே அமர்த்தாதே, நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் இழு. அப்போது முழு நீளமும் கிடைக்கும். ஆனால் உடம்புப் பாரம் உதவாது, கைப்பலம்தான். வழுக்கினால் ரோட்டில் மல்லாக்க விழுவாய். அதோடு ஜாக்கி போடமுன்னம், ரயர் நிலத்தில் இருக்கும்போதே நட்டை இளக்கு. தூக்கிவிட்டால் ரயரும் சேர்ந்து சுற்றும்.

அக்கரைப்பற்று வயல்காரன்:
குழாயை நம்பாதீங்க. போன போகம் உழவு மெஷினில் ஒரு நட்டுக்கு ஒரு பாகம் குழாய் போட்டேன். நட் கழரல்ல, போல்ட் முறிஞ்சுது. பாதி உள்ளுக்கு நிற்குது. நாலு நாள் வேலை போச்சு.

பட்டறை மாமா:
துரு பிடித்திருந்தால் அப்படித்தான். முதலில் எண்ணெய் விட்டு ஊறவிடவேண்டும். இறுக்கும்போது குழாய் போடவே கூடாது. இந்த அளவு வேன்களுக்குப் பெரும்பாலும் 100 நியூட்டன் மீற்றரை ஒட்டித்தான் இறுக்கச் சொல்லியிருக்கும். ஸ்பனர் கட்டையாக இருப்பது அதற்கும் நல்லதுதான், கை அத்துமீறாமல் இருக்கும்.

அக்கரைப்பற்று வயல்காரன்:
எண்ணெய் விட்டேனே! ஒரு இரவு முழுக்க ஊறினது.

கல்லடிப் பொடியன்:
மாமாவிடம் கேட்டேன். ஏன் திரும்பப் போட்டார் என்று அவருக்கே தெரியாதாம், "கை அப்படித்தான் போகும்" என்கிறார். என் பலத்தில் குறை இல்லை என்று மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டார்.