தேவியின் ஆரமும் துறையூர் ஏலமும் (சுங்கை சிப்புட் குடும்பக் குழு)

தேவி: சித்திரையில் ஊருக்குப் போனபோது அம்மா வைத்தியத்துக்காகத் துறையூரில் ஒரு நகைக்கடன் கம்பெனியில் ஆரத்தை வைத்தேன் இல்லையா, தவணை ஆறு மாதம், கட்ட முடியவில்லை. இன்று தம்பி தமிழ்ப் பேப்பரைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான், ஏல அறிவிப்பில் என் கடன் எண். எனக்கு ஒரு தகவலும் வரவில்லை!

மணியம் மாமா: ஆறு மாதம் தாண்டினால் நகை கடைக்காரனுக்குத்தான்மா, இங்கே மலேசியாவில் பஜாக் அடகுக் கடையிலும் அதே கதை.

கவிதா (திருச்சி): மாமா, அங்கேயே அது 200 ரிங்கிட் வரைக்கும் வாங்கிய அடகுக்குத்தான், அதற்கு மேல் ஏலம்தான் விட வேண்டும். அக்கா, உங்களுக்கு எங்கள் ஊர் ரிசர்வ் வங்கி விதிதான். கடன் 2026 ஏப்ரல் 1க்கு அப்புறம் என்பதால் புது விதி. ஏலத்துக்கு முன் போதிய நோட்டீஸ் தரணும். எத்தனை நாள் என்று விதியில் இல்லை, உங்கள் கடன் பத்திரத்தில் பாருங்கள். எந்த நம்பர் கொடுத்தீர்கள்?

தேவி: அந்த இந்திய சிம். ரீசார்ஜ் பண்ணாமல் செத்துவிட்டது.

கவிதா: அதுதான். நான் நகைக்கடன் கிளையில் வேலை பார்த்தபோது பாதிச் சண்டை இதுதான், கம்பெனிக்காரர்கள் அனுப்பினோம் என்பார்கள், கடன் வாங்கியவர்கள் வரவில்லை என்பார்கள். சரி, பேப்பரில் ஏல நாளும் இடமும் இருக்கிறதா, இல்லை கடன் வாங்கிய ஆளைக் காணோம் என்று மட்டும் இருக்கிறதா? ஆளைக் காணோம் என்றால் அந்தத் தேதியிலிருந்து ஒரு மாதம் கழித்துத்தான் ஏலம்.

பாக்கியம் அத்தை: என் சங்கிலி தைப்பிங் கடையில் இருக்கு, அடகுச் சீட்டைத் தொலைச்சிட்டேன், அதுக்கும் பேப்பரில் போடுவாங்களா?

மணியம் மாமா: அக்கா, அது வேற கதை, கடையில் போய்ச் சொல்லுங்க.

தேவி: ஏலம் வர்ற 24ஆம் தேதி, துறையூர்க் கிளையிலேயே என்று போட்டிருக்கு.

கவிதா: அப்போது ஏல விளம்பரம்தான். முதல் ஏலம் கிளை இருக்கும் மாவட்டத்திலேயே நடக்கணும், இரண்டு பேப்பரில் வரணும், ஒன்று தமிழில். அடிமட்ட விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, இரண்டு தடவை ஏலம் போகாவிட்டால்தான் 85. மதிப்பு 4 லட்சம் என்றால் 3,60,000க்குக் கீழே தட்ட முடியாது. பாக்கி 2,30,000 என்று வைத்தால் மிச்சம் உங்களுடையது, ஏலப் பணம் முழுசாக வந்த ஏழு வேலை நாளில் தரணும்.

மணியம் மாமா: கம்பெனிக்காரனே எடுத்துக்குவான் லா.

கவிதா: அவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் ஏலம் கேட்கக்கூடாது மாமா. அக்கா, இன்றைக்கே கிளைக்கு மெயிலில் மலேசிய நம்பரையும் விலாசத்தையும் கொடுத்து, நோட்டீஸ் எப்போது, எந்த விலாசத்துக்குப் போனது, நகல் வேண்டும் என்று கேளுங்கள். கூடவே 24க்கு முன் கட்டி எடுக்க எவ்வளவு என்றும் கேளுங்கள்.

தேவி: முழுசாக இல்லையே, வட்டி மட்டும் கட்டினால் நிறுத்துவார்களா?

கவிதா: அது அவர்கள் இஷ்டம். மேனேஜரிடம் தம்பியை நேரில் போகச் சொல்லுங்கள்.