6203 பேரிங்: ஒரு தடவைக்கு எத்தனை, எப்போது? (சின்ன ஸ்டோர் வைத்திருப்பவர்களின் அனுபவப் பகிர்வு)

கோவை ஸ்டோர்காரர்
மோனோபிளாக் பம்ப் அசெம்பிள் பண்ணும் சின்ன யூனிட்டை எடுத்துக்கொள்வோம். 6203 ZZ பேரிங் வருஷத்துக்கு 7,200 போகிறது. 300 வேலை நாள் என்றால் நாளைக்கு 24. ஒன்று ₹90 என்று வையுங்கள். சென்னையிலிருந்து லாரி ஆபீஸ் வழியாக வருகிறது.

பலரும் தடுக்கி விழுவது ஒரு தடவைக்கு எத்தனை வரவழைப்பது என்று சொல்லும் EOQ ஃபார்முலாவில் இல்லை, அதற்குள் போடும் இரண்டு செலவில்தான். ஆர்டர் செலவு என்று பர்ச்சேஸ் பையனின் சம்பளத்தை ஆர்டர் எண்ணிக்கையால் வகுத்து ₹2,500 என்று போடுகிறார்கள். ஆர்டரைப் பாதியாகக் குறைத்தால் அவன் சம்பளம் பாதியாகிவிடுமா? ஆகாது, அதனால் கணக்கில் வராது. ஒரு ஆர்டர் கூடினால் கையைவிட்டுப் போகிற காசு மட்டும்தான் வரும். லாரி ஆபீஸின் குறைந்தபட்ச பில் 150, அங்கிருந்து யூனிட்டுக்கு மினி ஆட்டோ 280, ஏற்றி இறக்கும் கூலி 100, போன், சாம்பிள் செக், பில் என்ட்ரி எல்லாம் சேர்த்து 70. மொத்தம் ₹600.

லாரி வாடகையில் எடைக்கு ஏற்ற பங்கை இதில் சேர்க்காதீர்கள். 6203 ஒன்று சுமார் 65 கிராம். வருஷ எடை எப்படி வரவழைத்தாலும் ஒன்றுதான்.

வைத்திருக்கும் செலவுக்கு வருஷத்துக்கு 20 சதவீதம்: சி.சி. வட்டி 11, இடம் 4, துரு, தொலைவது, மாடல் மாறி முடங்குவது 4, இன்ஷூரன்ஸ் 1. ஒரு பேரிங்குக்கு ₹18.

```
EOQ = sqrt(2 * 7200 * 600 / 18) = 693
```

வருஷத்துக்கு பத்துப் பதினோரு ஆர்டர். ஆர்டர் செலவு சுமார் ₹6,235, வைத்திருக்கும் செலவும் அதே அளவு. மொத்தம் ₹12,470. அட்டைப்பெட்டி 100 என்பதால் 700 போடுங்கள்.

திருச்சி மரவேலை
அப்போ ஸ்டாக் 693க்கு இறங்கினதும் அடுத்த ஆர்டர் போடணும், சரியா?

கோவை ஸ்டோர்காரர்
இல்லைங்க. 693 என்பது ஒரு தடவைக்கு எவ்வளவு வரவழைப்பது. எப்போது போடுவது என்பது ரீஆர்டர் லெவல். அது தினசரி செலவையும் சரக்கு வர ஆகும் நாளையும் பார்த்து வருவது, இந்த 600க்கும் 18க்கும் அங்கே வேலை இல்லை. 693ல் ஆர்டர் போட்டால் 8 நாள் கழித்துச் சரக்கு வரும்போது ரேக்கில் இன்னும் 500 கிடக்கும்.

கணக்குப்பிள்ளை
இடத்துக்கு 4 சதவீதம் போட்டதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சொந்தக் கோடவுன், ரேக் பாதி காலி. 700 வந்தால் என்ன, 1,000 வந்தால் என்ன, வாடகை ஒரு ரூபாய் கூடப்போவதில்லை. அதை எடுத்துவிட்டு 16 சதவீதம் வையுங்கள்.

கோவை ஸ்டோர்காரர்
நியாயம்தான். 16 சதவீதம் என்றால் ₹14.40, அளவு 775 ஆகிறது. ஆனால் 775 போட வேண்டிய இடத்தில் 693 போட்டாலும் நஷ்டம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. 1913ல் ஃபோர்டு ஹாரிஸ் இந்தக் கணக்கை வெளியிட்டதிலிருந்து அதன் சௌகரியமே இதுதான்: அடிமட்டத்தில் கோடு தட்டையாக ஓடுகிறது. பழைய 18 ரூபாயிலேயே பாருங்கள். 500 போட்டால் ₹13,140. 1,000 போட்டால் ₹13,320. ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசம். 1,400க்குப் போனால்தான் ₹15,690 ஆகி, கால்வாசி கூடுகிறது. வாடகை சேருமா சேராதா என்ற சண்டையை மதியச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். லெவலில் தப்பு பண்ணினால்தான் அசெம்பிளி நிற்கும்.

சி.ஏ. இன்டர் மாணவி
லெவலுக்கு நேரான விடை இருக்கிறதே. அதிகபட்ச உபயோகம் பெருக்கல் அதிகபட்ச லீட் டைம். ஒரு நாளைக்கு அதிகமாகப் போனது 35, சரக்கு வர அதிகமாக ஆனது 12 நாள் என்றால் 420. முடிந்தது.

பழைய மெட்டீரியல்ஸ் மேனேஜர்
பரீட்சைக்கு அது சரி, ஸ்டோருக்குப் பாதி சரி. 35 போகிற நாள் தொடர்ந்து 12 வருவதும், அதே சமயம் சரக்கு 12 நாள் இழுப்பதும் சேர்ந்து நடப்பது அபூர்வம். அதற்கென்று வருஷம் முழுக்கக் காசு முடங்கும். மறுபக்கம், சராசரியை மட்டும் பிடித்து 24 பெருக்கல் 8, 192 போதும் என்று வைக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு ஆர்டருக்கு ஒன்றில் ரேக் காலி.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. கடைசிப் பத்துப் பன்னிரண்டு ஆர்டரை எடுத்து ஒவ்வொன்றும் எத்தனை நாளில் வந்தது என்று எழுதுங்கள். சராசரி 8, ஏற்ற இறக்கம், அதாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன், 2 நாள் என்று வருகிறது என வைப்போம். தினசரி உபயோகத்தின் ஏற்ற இறக்கம் 6.

```
sqrt(8 * 6^2 + 24^2 * 2^2) = sqrt(288 + 2304) = 51
1.65 * 51 = 84
192 + 84 = 276
```

1.65 என்பது இருபது ஆர்டரில் ஒன்றில் இடித்தால் பரவாயில்லை என்பதற்கு. வருஷத்துக்குப் பத்து ஆர்டர் என்பதால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. அது கட்டாது, நூறில் ஒன்றுதான் என்றால் 1.65க்குப் பதில் 2.33, லெவல் 311. கூடுதல் 35 பேரிங்குக்கு வருஷச் செலவு ₹630.

அந்த முதல் வரியைக் கொஞ்சம் பாருங்கள். 288 எங்கே, 2304 எங்கே. உபயோகம் கூடிக் குறைவதால் வரும் ஆபத்து சின்னது, சரக்கு தாமதம்தான் பெரிய பங்கு. விற்பனைக் கணிப்பில் மண்டையை உடைப்பதைவிட, சப்ளையர் என்றைக்கு லாரியில் ஏற்றினார் என்று ஒரு போன் போட்டுக் கேட்பது லெவலை அதிகம் இறக்கும்.

சி.ஏ. இன்டர் மாணவி
ஆனால் நீங்கள் போட்டது மணி வடிவ வளைவு. லாரி தாமதம் அப்படியா வரும்? எட்டு நாள், எட்டு நாள், ஏழு, திடீரென்று பதினாறு என்றுதானே வரும்?

பழைய மெட்டீரியல்ஸ் மேனேஜர்
அது உண்மை. தீபாவளிக்கு முன்னே பின்னே இந்தக் கணக்கு நிற்காது. அந்த மாதத்துக்கு உங்கள் 420தான் வைப்பேன். மற்ற மாதங்களுக்கு அது அதிகம் என்பதே என் கட்சி.

கோவை ஸ்டோர்காரர்
276 சரியாகப் போட்டும் ரேக் காலியாகும் இடங்களைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் மூன்றுதான்.

லீட் டைமை சப்ளையர் பில் தேதியிலிருந்து கேட் என்ட்ரி வரை எண்ணுவது. ஆர்டரில் முதலாளி கையெழுத்துக்கு இரண்டு நாள், வந்த சரக்கைப் பார்த்து ரேக்கில் வைக்க ஒரு நாள், இது எங்கேயும் எழுதப்படுவதில்லை. மூன்று நாள் பெருக்கல் 24, 72. பாதுகாப்புக்கு வைத்த 84ல் முக்கால்வாசிக்கு மேல் இதிலேயே கரைந்துவிடும். ரேக்கில் ஸ்டாக் எழுதும் பின் கார்டில் லெவலைத் தொட்ட தேதியையும் ரேக்கில் ஏறிய தேதியையும் எழுதி, இரண்டுக்கும் நடுவில் எண்ணுங்கள்.

அடுத்தது, அசெம்பிளிக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்பதில்லை, 100 100 ஆக இஷ்யூ ஆகிறது. ஸ்டாக் 280, லெவல் 276, யாரும் ஆர்டர் போட மாட்டார்கள். அடுத்த இஷ்யூவில் 180. லெவலுக்குக் கீழே 96 போன பிறகுதான் ஆர்டரே கிளம்புகிறது. அதனால் இஷ்யூ அளவில் பாதி, 50, லெவலோடு சேர்த்து 326 வையுங்கள்.

மூன்றாவது, வரவேண்டிய சரக்கை மறப்பது. திங்கள் 270 என்று 700க்கு ஆர்டர் போயிற்று. செவ்வாய் 170, இன்னும் லெவலுக்குக் கீழே, வேறொருவர் இன்னொரு 700 போடுகிறார். லெவலோடு ஒப்பிட வேண்டியது கையிருப்பும் வரவேண்டியதும் சேர்த்து, நாளைய ஜாப்புக்கு ஒதுக்கியதைக் கழித்த எண்ணை. டாலியில் `Reorder Status` பார்ப்பவர்களுக்கு அது நிலுவை ஆர்டரைச் சேர்த்துக் காட்டும். பர்ச்சேஸ் ஆர்டரை டாலியில் போடாமல் வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால் அதற்கு எப்படித் தெரியும்?

கம்ப்யூட்டரே வேண்டாம் என்றால் 326ஐ எண்ணி ஒரு சாக்கில் கட்டி ஆரஞ்சு டேப் ஒட்டி, ரேக்கின் பின்பக்கம் வைத்து, ஆர்டர் சீட்டைக் கட்டோடு சொருகிவிடுங்கள். கட்டைப் பிரித்தால் சீட்டு ஆபீசுக்குப் போக வேண்டும். சரக்கு வந்ததும் முதலில் 326 எண்ணிக் கட்டிவிட்டு மீதியை முன்னால் வையுங்கள். இதைத் தவறவிட்டால் முறையே போச்சு.

நெல்லை மருந்து மொத்தம்
எங்களுக்கு இது ஒத்துவராது. ஒரே கம்பெனி டிப்போவிலிருந்து 140 ஐட்டம், ஒரே பில், ஒரே வண்டி. ஒவ்வொன்றுக்கும் 600 போட்டால் வருஷத்துக்கு நாலு தடவை வாங்கு என்கிறது. எக்ஸ்பைரி யார் தலையில்?

பழைய மெட்டீரியல்ஸ் மேனேஜர்
600 அந்த வண்டிக்கு, ஐட்டத்துக்கு இல்லை. 6203க்கே அந்தப் பிரச்சினை உண்டு. 6202, 6204, ஆயில் சீல் எல்லாம் அதே டீலரிடம்தானே வரும்? அந்த டீலரிடம் வருஷக் கொள்முதல் ₹16 லட்சம், அதில் 20 சதவீதம் ₹3,20,000 என்று வையுங்கள்.

```
T = sqrt(2 * 600 / 320000) = 0.061 வருஷம்
```

அதாவது 18 வேலை நாளுக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் சேர்த்து. 6203ஐத் தனியாகக் கணக்கிட்டபோது 29 நாளுக்கு ஒரு தடவை வந்தது. இந்த முறையில் லெவலைத் தொடக் காத்திருக்க முடியாது. அன்றைக்கு இருப்பைப் பார்த்து, அடுத்த 18 நாளும் சரக்கு வரும் 8 நாளும் தாங்குகிற அளவுக்கு நிரப்ப வேண்டும். 6203க்கு 624, பாதுகாப்புக்கு 94, ஆக 718. கையிலும் வழியிலுமாக 300 இருந்தால் 418 எழுதுங்கள். மருந்தில் இதற்கு மேல் ஒரு வரம்பு: எக்ஸ்பைரிக்குள் விற்காது என்று தெரிந்ததை ஃபார்முலா எவ்வளவு சொன்னாலும் வெட்டிவிடுங்கள்.

கோவை ஸ்டோர்காரர்
சேர்த்து வாங்குவது சரி. ஆனால் 6203 மாதிரி லைனை நிறுத்தும் ஐட்டத்தை 18 நாள் கண்ணை மூடி விட மாட்டேன். அதற்கு டேப் ஒட்டிய சாக்கு தனியாக இருக்கட்டும். அது பிரிந்தால் எந்த நாளானாலும் மொத்த ஆர்டரையும் முன்னால் இழுத்துவிடலாம்.

பழைய மெட்டீரியல்ஸ் மேனேஜர்
அப்படி இழுத்தால் மற்ற ஐட்டங்கள் ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே வாங்கப்படும், சேர்த்து வாங்கிய லாபம் அங்கே போகும். இரண்டு மூன்று ஐட்டத்துக்கு மட்டும் என்றால் சரி. பத்துக்கு டேப் ஒட்டினால் மாதம் முழுக்க யாராவது ஒரு சாக்கைப் பிரித்துக்கொண்டே இருப்பார்கள்.

நெல்லை மருந்து மொத்தம்
140ல் எந்த மூன்று என்பதுதான் என் கேள்வி. வேகமாகப் போவதா, இல்லை என்றால் டாக்டர் திட்டுவதா?